பிப்ரவரி 29இல் பிறந்தவருக்கு வயது ஏறுவது எந்த நாளில்?

கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தார். 1986 பிப்ரவரி 24 அன்று சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு என்ன வயது? 1986இலிருந்து 1904ஐக் கழித்து 82 என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. ஆனால் அந்த ஆண்டின் பிறந்தநாள் வர இன்னும் சில நாட்கள் இருந்தன. ஆகவே 81தான் சரி. அந்தச் "சில நாட்கள்" எத்தனை என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. 1986 லீப் ஆண்டு இல்லை, அந்த ஆண்டில் பிப்ரவரி 29 என்றொரு தேதியே கிடையாது.

இதே தேதியில் பிறந்த இன்னொருவர் மொரார்ஜி தேசாய். பிறப்பு 1896 பிப்ரவரி 29, மறைவு 1995 ஏப்ரல் 10. 1977இல் பிரதமரான அவர் ருக்மிணி தேவியைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிய விரும்பினார், ருக்மிணி தேவி ஏற்கவில்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் தேதியில் பிறந்த ஒருவர், அதே தேதியில் பிறந்த இன்னொருவரை அந்தப் பதவிக்கு அழைத்தது அபூர்வமான பொருத்தம். வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இந்த இருவரையும்விட நல்ல உதாரணம் கிடைக்காது. வயதைப் பற்றி இங்கே சொல்வதையெல்லாம் இவர்களை வைத்தே சரிபார்க்கலாம்.

முதலில் மூன்று கேள்விகளைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். பிறந்த தேதியை எப்படி எழுதுவது, ஒரு குறிப்பிட்ட நாளில் வயது எத்தனை என்று எப்படிக் கணக்கிடுவது, அந்தத் தேதி இல்லாத ஆண்டில் பிறந்தநாளை எந்த நாளில் குறிப்பது. இம்மூன்றுக்கும் ஒரே விடை வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உட்காருவதால்தான் குழப்பம் வருகிறது. முதல் கேள்விக்கு விடை ஒன்றே ஒன்று: பிப்ரவரி 29 என்றே எழுதுங்கள். எந்த ஆண்டில் கட்டுரை வந்தாலும் அதை 28 என்றோ மார்ச் 1 என்றோ நகர்த்தக் கூடாது. நகர்த்தப்பட்ட தேதியை அடுத்தவர் எடுத்துப் போட்டால், பிறகு அதுவே பிறந்த தேதி ஆகிவிடும்.

வயதுக் கணக்குக்கு வருவோம். இரண்டு கட்சிகள் இருக்கின்றன. சாதாரண ஆண்டுகளில் பிப்ரவரி 28ஆம் தேதி காலையிலேயே ஒரு வயது ஏறிவிடுகிறது என்பது ஒரு கட்சி. 28 முழுதும் கழிந்து மார்ச் 1 பிறந்தால்தான் ஏறும் என்பது மற்றொன்று.

28 என்பவர்களின் வாதம் எளிது. பிறந்தது பிப்ரவரி மாதம், அதுவும் மாதக் கடைசி நாள். சாதாரண ஆண்டில் பிப்ரவரியின் கடைசி நாள் 28. மாதத்தை விட்டு வெளியே போய் மார்ச்சில் பிறந்தநாள் கொண்டாடுவது ஒட்டாமல் இருக்கிறது. அதோடு, 2004 பிப்ரவரி 29இல் பிறந்த குழந்தைக்கு 2005 பிப்ரவரி 27 முடியும்போது 365 நாட்கள் முடிந்துவிடுகின்றன. ஒரு வருடம் என்பது 365 நாள் என்றால், 28 காலையில் ஒரு வயது நிறைந்தாயிற்று.

மார்ச் 1 என்பவர்களும் நாட்களையே எண்ணுகிறார்கள், ஆனால் அவர்கள் பார்ப்பது நாட்காட்டியின் வரிசையை. 29ஆம் தேதிக்கு முந்தைய நாள் 28. பிறந்த தேதிக்கு முந்தைய தேதியில் யாருக்கும் வயது ஏறுவதில்லை. மார்ச் 10இல் பிறந்தவருக்கு மார்ச் 9இல் வயது கூடிவிட்டது என்று நாம் சொல்வதில்லையே. 28 முடியும்வரை அந்த வயது நிறையவில்லை, முடிந்த அடுத்த கணம் மார்ச் 1.

இந்த இரண்டில் எது சரி என்று வாதிடுவதற்கு முன்னால் நான்கு ஆண்டுகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். 2004 பிப்ரவரி 29 முதல் 2008 பிப்ரவரி 29 வரை 1,461 நாட்கள். மார்ச் 1 முறையில் முதல் ஆண்டு 366 நாள், அதற்கடுத்த மூன்று ஆண்டுகளும் 365 நாள். 28 முறையில் முதல் மூன்று ஆண்டுகள் 365 நாள், நான்காவது ஆண்டு 366 நாள். இரண்டிலும் கூட்டுத்தொகை ஒன்றுதான். கூடுதலாக வரும் அந்த ஒரு நாளை முதல் ஆண்டிலேயே செலுத்திவிடுவதா, நான்காவது ஆண்டில் செலுத்துவதா என்பதுதான் வேறுபாடு. கடனை முன்கூட்டிக் கட்டுவதும் கடைசியில் கட்டுவதும் போல.

இதிலிருந்து ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. இரண்டு முறைகளும் முரண்படுவது சாதாரண ஆண்டுகளில் பிப்ரவரி 28 என்ற ஒரே ஒரு நாளில்தான். மற்ற எல்லா நாட்களிலும் இரண்டும் ஒரே வயதையே தரும். ருக்மிணி தேவி வாழ்ந்தது ஏறக்குறைய 30,000 நாட்கள். அதில் வயதைப் பற்றிக் கருத்து வேறுபாட்டுக்கு இடமிருந்த நாட்கள் 61 மட்டுமே. பிப்ரவரி 24இல் அவர் இறந்தபோது எந்த முறையில் கணக்கிட்டாலும் 81. எனவே மறைந்தவரைப் பற்றி எழுதும்போது, இறந்த நாளோ வேறு முக்கிய நிகழ்வோ ஒரு சாதாரண ஆண்டின் பிப்ரவரி 28இல் நடந்திருந்தால் மட்டுமே இந்தத் தேர்வு உண்மையில் தேவைப்படும். அப்படி நடந்திருந்தால் எந்த முறை என்று ஒரு சொற்றொடரில் சொல்லிவிடுவது நேர்மை.

வாழ்க்கைக் குறிப்புக்கு மார்ச் 1 முறையை எடுத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து. தத்துவக் காரணம் ஏதும் இல்லை. அதைக் கணக்கிடத் தனி விதியே தேவையில்லை என்பதுதான் காரணம். செய்முறை இது: மாதத்தை 100ஆல் பெருக்கித் தேதியைக் கூட்டுங்கள். பிப்ரவரி 29க்கு 229. இறந்த தேதிக்கும் அதையே செய்யுங்கள். ஆண்டுகளைக் கழித்துவிட்டு, இறந்த தேதியின் எண் பிறந்த தேதியின் எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் மேலும் ஒன்றைக் கழியுங்கள்.

ருக்மிணி தேவிக்கு 1986 - 1904 = 82. பிப்ரவரி 24க்கு எண் 224. அது 229ஐவிடச் சிறியது, ஆகவே ஒன்றைக் கழிக்க 81. மொரார்ஜிக்கு 1995 - 1896 = 99. ஏப்ரல் 10க்கு எண் 410, 229ஐவிடப் பெரியது. ஆகவே 99 அப்படியே நிற்கும். சாதாரண ஆண்டின் பிப்ரவரி 28க்கு எண் 228, இன்னும் ஏறவில்லை. மார்ச் 1க்கு 301, ஏறிவிட்டது. லீப் ஆண்டா இல்லையா என்று பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

28 முறையில் கணக்கிட நினைப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்று உண்டு. 229க்குப் பதிலாக எப்போதும் 228 என்று போட்டுவிடுவார்கள். சாதாரண ஆண்டில் அது வேலை செய்யும். லீப் ஆண்டில் பிப்ரவரி 28 அன்றே, உண்மையான பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னால், வயதைக் கூட்டிவிடும். 2004இல் பிறந்தவருக்கு 2024 பிப்ரவரி 28 அன்று 20 என்று காட்டும். அந்த முறையிலும் அவருக்கு அன்று 19தான். ஆண்டு லீப் ஆண்டா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் எண்ணை மாற்ற வேண்டும். வேலை கூடுகிறது, தவறுக்கான இடமும் கூடுகிறது.

ருக்மிணி தேவியின் வாழ்க்கையிலேயே இந்தக் கணக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கு இன்னொரு இடம். அவர் மேடையேறி ஆடிய முதல் பொது நிகழ்ச்சி 1935 டிசம்பரில், அடையாறு பிரம்மஞான சபையின் வைர விழாவில் நடந்தது. கலாக்ஷேத்ராவின் தொடக்கம் 1936 ஜனவரி. சில வாரங்களுக்குள் இரண்டு நிகழ்வுகள். வெறும் ஆண்டுகளைக் கழித்தால் முதலாவதற்கு 31, இரண்டாவதற்கு 32 என்று வரும். மாதத்தையும் பார்த்தால் இரண்டுக்கும் 31தான். பிப்ரவரி முடிவில் பிறந்தவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி நிகழ்வுகளில் மட்டும் இந்தப் பிழை வரும், அதனால் பல நேரம் யார் கண்ணிலும் படுவதில்லை. மாதம் தெரியாமல் ஆண்டு மட்டும் தெரிந்தால் வயதே போடாமல் ஆண்டை மட்டும் எழுதுவது மேல்.

எக்செல் தாளில் நிறையப் பெயர்களைப் போட்டு வயது கணக்கிடுபவர்கள் சில இடங்களில் விழித்திருக்க வேண்டும். எக்செல் 1900 ஜனவரி 1க்கு முந்தைய தேதிகளை ஏற்காது. மொரார்ஜியின் 29-02-1896ஐத் தட்டினால் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். அப்படி இடப்பக்கம் நிற்கும் தேதியை வைத்து `DATEDIF` போட்டால் `#VALUE!` என்று வந்துவிடும். இது நல்ல வகைப் பிழை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிறது. `=DATE(1896,2,29)` என்று எழுதினால் நிலைமை மோசம். 1900க்குக் குறைவான ஆண்டு எண்ணோடு எக்செல் 1900ஐக் கூட்டிவிடும். விடை 3796 பிப்ரவரி 29. கட்டத்தில் நாளும் மாதமும் மட்டும் தெரியும்படி வடிவம் வைத்திருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை: எக்செல் 1900ஐ லீப் ஆண்டாகக் கருதுகிறது. பழைய ஒரு நிரலோடு ஒத்துப்போவதற்காகத் தெரிந்தே விட்டுவைத்த பிழை அது. 29-02-1900 என்ற இல்லாத தேதியை அது மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். நூறால் வகுபடும் ஆண்டு 400ஆலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 1900 அப்படி வகுபடாது. பட்டியலில் யாருக்காவது 1900 பிப்ரவரி 29 பிறப்பு என்று இருந்தால், தட்டச்சுத் தவறாக இருக்கலாம், அல்லது ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றிய ரஷ்யா போன்ற நாட்டுத் தேதியாக இருக்கலாம். ஜூலியன் நாட்காட்டியில் அந்தத் தேதி உண்டு, நமது நாட்காட்டியில் அது 1900 மார்ச் 13.

இந்தச் சிக்கல்கள் எல்லாவற்றையும் தாண்டுவதற்கு எளிய வழி, ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் எண்ணாகவே வைத்துக்கொள்வது. A, B, C பிறப்பு. D, E, F மறைவு என்றால் சூத்திரம் இதுதான்:

```
=D2-A2-IF(E2*100+F2<B2*100+C2,1,0)
```

நிரல் எழுதுகிறவர்களுக்கும் இதே போன்ற பொறி இருக்கிறது. பைத்தானில் பிறந்த தேதியின் ஆண்டை மட்டும் மாற்றி இந்த ஆண்டுப் பிறந்தநாளை உண்டாக்குவது பலரின் வழக்கம்:

```
from datetime import date
d = date(2004, 2, 29)
d.replace(year=2023)
```

இது `ValueError` கொடுத்து நின்றுவிடும், ஏனென்றால் 2023இல் அந்தத் தேதி இல்லை. பல மாதங்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல், பட்டியலில் ஒரே ஒரு பிப்ரவரி 29காரர் சேர்ந்த அன்று விழுந்துவிடும். எக்செல்லில் அதே பிறந்த தேதியோடு `EDATE` பயன்படுத்தி 19 ஆண்டுகளை, அதாவது 228 மாதங்களைக் கூட்டினால் 2023 பிப்ரவரி 28 வரும். `DATE(2023,2,29)` என்று எழுதினால் மார்ச் 1 வரும். ஒரே மென்பொருளுக்குள்ளேயே இரண்டு கட்சிகளும் குடியிருக்கின்றன. ஒரு தாளில் ஒன்று, மற்றொரு தாளில் இன்னொன்று என்று போனால், ஒரே நபருக்கு அடுத்தடுத்த பக்கங்களில் வேறு வேறு பிறந்தநாள் அச்சாகும்.

கணக்கு சரியாக இருந்தாலும் தமிழில் அதைச் சொல்லும் இடத்தில் ஒரு வயது நழுவிவிடும். "81 வயதில் காலமானார்" என்றால் 81 நிறைந்தவர் என்று பொருள். "82ஆவது வயதில் காலமானார்" என்றாலும் அதே பொருள்தான், 82ஆவது வயது நடந்துகொண்டிருந்தது என்று. ருக்மிணி தேவிக்கு இரண்டு வாக்கியங்களும் சரி. "82 வயதில் காலமானார்" என்பது மட்டும் தவறு. மொரார்ஜியை எடுத்துக்கொண்டால் "99 வயதில்" சரி, "100ஆவது வயதில்" என்பதும் சரி, "99ஆவது வயதில்" தவறு. "ஆவது" என்ற ஓர் ஒட்டு ஒரு வருடத்தை நகர்த்துகிறது. குழப்பமே வேண்டாம் என்றால் "81 வயது நிறைந்திருந்தது" என்று எழுதலாம், அல்லது இரண்டு தேதிகளையும் கொடுத்துவிட்டு வயதை வாசகரிடம் விடலாம்.

பிறந்தநாளுக்கும் இதே "ஆவது" வரும், ஆனால் அதன் கணக்கு வேறு. 82ஆவது பிறந்தநாள் என்பது 82 வயது நிறையும் நாள். பிறந்த நாளையே முதலாவது என்று யாரும் எண்ணுவதில்லை. "82ஆவது வயது" 81 நிறைந்த பிறகு தொடங்குவது, "82ஆவது பிறந்தநாள்" 82 நிறையும்போது வருவது. ஒரே பத்தியில் இரண்டையும் பயன்படுத்தினால் வாசகர் திணறுவார்.

பிப்ரவரி 29காரர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க முடியாத ஒரு நகைச்சுவை உண்டு. பிறந்த தேதி வந்த ஆண்டுகளை மட்டும் எண்ணி, "99 வயது மனிதருக்கு 24 பிறந்தநாள்தான்" என்பார்கள். ரசிக்கலாம், ஆனால் எண்ணைச் சரியாகப் போட வேண்டும். 99ஐ நான்கால் வகுத்து 24 என்று எழுதினால் மொரார்ஜிக்குத் தவறு. அவர் பிறந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த 1900 லீப் ஆண்டு இல்லை. முதல் பிப்ரவரி 29 வந்தது 1904இல், அவருக்கு எட்டு வயதானபோது. அதே நாளில்தான் ருக்மிணி தேவி பிறந்தார். 1904 முதல் 1992 வரை எண்ணினால் மொரார்ஜிக்குக் கிடைத்தவை 23. அவற்றில் ஒன்று 1976இல், 80 வயது நிறைந்த நாள், நெருக்கடி நிலைக் காலத்தில் அவர் காவலில் இருந்தபோது வந்தது. ருக்மிணி தேவிக்கு 1908 முதல் 1984 வரை 20. இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினி 1792 பிப்ரவரி 29இல் பிறந்து 1868 நவம்பரில் 76 வயதில் இறந்தார். 1800 லீப் ஆண்டு இல்லாததால் அவருக்கும் ஒன்று குறைந்தது: நான்கால் வகுத்தால் 19, உண்மையில் 18. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது அதன் பிரதமராக இருந்த ஜேம்ஸ் மில்ன் வில்சன் 1812 பிப்ரவரி 29இல் பிறந்து 1880 பிப்ரவரி 29இல் இறந்தார். அவருடைய 68 வயதில் எந்த முறைக்கும் எந்தத் தகராறும் இல்லை. இந்த எண்ணிக்கையை நகைச்சுவையாக மட்டும் பயன்படுத்துங்கள், வயது என்ற சொல்லைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மூன்றாவது கேள்வி, ஆண்டுவிழாக் கட்டுரை எந்த நாளில் வர வேண்டும் என்பது. "இன்றைய நாளில்" என்று தினமும் ஒரு பக்கம் போடுபவர்கள் பிப்ரவரி 29க்கு ஒரு தனிப் பெட்டி வைத்து, அதில் மட்டும் இவர்களைச் சேர்த்தால், நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பெயர் வரும். வயதுக் கணக்குக்கு மார்ச் 1 என்று சொன்னாலும், இங்கே நான் 28ஐத்தான் பரிந்துரைப்பேன். பிப்ரவரிப் பட்டியலைத் தேடி வருபவர் பிப்ரவரியில்தான் பார்ப்பார், மார்ச் 1இல் தேடமாட்டார். வயதைச் சொல்வதற்கும் நினைவுகூர்வதற்கும் ஒரே நாள் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 28இல் போடும்போது "பிறந்த தேதி பிப்ரவரி 29; இவ்வாண்டு அத்தேதி இல்லை" என்ற ஒரு வரி போதும். அன்று "இன்று 122 வயது நிறைகிறது" போன்ற வாக்கியத்தை மட்டும் எழுதாதீர்கள், "பிறந்து 122 ஆண்டுகள்" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

நூற்றாண்டு விழா எழுதும்போது இன்னொரு நுணுக்கம். நம்மூரில் 99 நிறைந்த நாளிலிருந்து நூற்றாண்டு தொடங்கி, 100 நிறையும் நாளில் முடியும். ருக்மிணி தேவிக்கு நூறு நிறைந்தது 2004 பிப்ரவரி 29, லீப் ஆண்டு, சிக்கல் இல்லை. நூற்றாண்டுத் தொடக்கம் 2003இல். அப்போது 29 இல்லை, ஆகவே மார்ச் 1. மொத்தத்தில் நான்கால் வகுபடும் ஆண்டு நிறைவுகள், அதாவது 60, 80, 100, 120, பிறந்த தேதியிலேயே விழும். 25, 50, 75, 125, 150 எதுவும் அதில் விழாது. விதிவிலக்கு, அந்த நிறைவு 2100 போன்ற ஆண்டில் வருவது: 2000 பிப்ரவரி 29இல் பிறந்தவர்களுக்கு நூறு நிறைவதும் 2020 பிப்ரவரி 29இல் பிறந்தவர்களுக்கு எண்பது நிறைவதும் 2100இல். அது லீப் ஆண்டு இல்லை.

நட்சத்திரத்தில் பிறந்தநாள் பார்க்கும் வீடுகளில் இந்தச் சிக்கல் ஏதும் தெரியாது. பிப்ரவரி 29 எப்போதும் மாசி மாத நடுவில் வருவது. மாசியில் அந்த ஜன்ம நட்சத்திரம் எல்லா ஆண்டும் வரும். அறுபதாம் கல்யாணத்துக்கும் தமிழ் மாதமும் நட்சத்திரமும்தான் கணக்கு. ஆனால் ஆங்கிலத் தேதியோடு எழுதப்படும் ஒரு குறிப்பில் நட்சத்திர நாளைக் கொண்டு வயதை ஏற்றினால், வேறு யாருடைய வயதோடும் ஒப்பிட முடியாமல் போகும். அது கொண்டாடும் நாள் என்ற அளவில் மட்டும் இருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: நாட்டுக்கு நாடு வேறு. ஹாங்காங் சட்டம் சாதாரண ஆண்டில் மார்ச் 1 என்று சொல்லிவிடுகிறது. தைவானில் பிப்ரவரி 28. ஜப்பானில் 1902இல் வந்த சட்டப்படி, பிறந்தநாளுக்கு முந்தைய நாள் முடியும்போதே வயது ஏறிவிடும். அதனால் பிப்ரவரி 29 இருந்தாலும் இல்லாவிட்டாலும் 28 நள்ளிரவில் கணக்கு முடிந்துவிடுகிறது, இல்லாத தேதியைத் தேடும் வேலையே அவர்களுக்கு இல்லை. அதே விதியால் அங்கே ஏப்ரல் 1இல் பிறந்த குழந்தை மார்ச் 31லேயே வயது நிறைந்து, முந்தைய வகுப்போடு பள்ளியில் சேர்கிறது. இந்தியாவில் 1875ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டம், பிறந்த நாளை முழு நாளாகச் சேர்த்து எண்ணி, 18ஆவது ஆண்டு நிறைவு நாளின் தொடக்கத்தில் வயது வந்தவராவார் என்கிறது. பிப்ரவரி 29ஐ அந்தப் பிரிவு தனியே குறிப்பிடவில்லை. வாக்குரிமை, வேட்பாளர் வயது, ஓய்வு போன்ற விஷயங்கள் உங்கள் கட்டுரையில் வந்தால், அந்த நாட்டு விதியைப் பார்த்த பிறகே எழுதுங்கள். "மிக இளம் வயதில்" "மிக முதிய வயதில்" என்ற பட்டங்களில் ஒரு நாள்கூட முக்கியம். 81 வயதில் மொரார்ஜி பிரதமரானார் என்பதில் அந்தப் பிரச்சினை இல்லை, பதவியேற்றது 1977 மார்ச் 24.

அடுத்து வரும் பெரிய ஆண்டு 2029. ருக்மிணி தேவி பிறந்து 125 ஆண்டுகள். அந்த ஆண்டில் பிப்ரவரி 29 இல்லை. கட்டுரைத் தலைப்பின் கீழே இப்படி ஒரு வரி வைக்கலாம்: "பிறப்பு: 1904 பிப்ரவரி 29, மதுரை. மறைவு: 1986 பிப்ரவரி 24, சென்னை, 81 வயது நிறைந்து. 125 ஆண்டுகள் நிறைவது: 2029 மார்ச் 1." கட்டுரையை 28ஆம் தேதியே வெளியிட்டாலும் இந்த வரியில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.